பதினாலு பக்க டைரக்டர்ஸ் ரிப்போர்ட்டில் கம்பெனி எங்கே?

கேள்வி: "கப்பலூர் சிட்கோவில் ரப்பர் வாஷர், ஆயில் சீல் செய்யும் சின்ன பிரைவேட் லிமிடெட் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் நானும் டைரக்டர்கள். ஆடிட்டர் ஆபீஸில் டைரக்டர்ஸ் ரிப்போர்ட் என்று 14 பக்கம் அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். சி.எஸ்.ஆர்., தனி இயக்குநர்கள் என்று எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதது நிறைய இருக்கிறது. அப்படியே போட்டுவிடலாமா, இல்லை நாங்கள் ஏதாவது எழுத வேண்டுமா?"

அப்படியே போடாதீர்கள். அதே சமயம் 14 பக்கத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். அதில் முக்கால்வாசி உங்களுக்காக எழுதியதே இல்லை. எப்போதோ ஒரு பெரிய கம்பெனிக்குத் தயாரித்த கோப்பு, வருஷா வருஷம் பெயர் மாறி ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. மதுரையில் இருபது வருஷமாகக் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்கிறேன். இந்தக் கோப்பை நான் பார்க்காத வருஷம் கிடையாது. அது காப்பியடித்ததுதானா என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. இயக்குநர்களின் பொறுப்பு அறிக்கை என்ற பத்தியில் உள்ளக நிதிக் கட்டுப்பாடுகளை நாங்கள் வகுத்து வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ‘இன்டர்னல் ஃபைனான்ஷியல் கன்ட்ரோல்ஸ்’ என்று இருக்கும். அந்த உட்பிரிவு பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிக்கு மட்டும் உரியது. உங்கள் ரிப்போர்ட்டில் அது இருந்தால், கீழே கையெழுத்துப் போடப்போகும் யாரும் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

சட்டம் கேட்பது இவ்வளவுதான். 2013 கம்பெனிச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு எல்லாக் கம்பெனிக்கும் போர்டு ரிப்போர்ட்டை, அதாவது இந்த டைரக்டர்ஸ் ரிப்போர்ட்டை, கட்டாயமாக்குகிறது. ஆனால் சிறு கம்பெனிக்குச் சுருக்க வடிவம் போதும் என்று 2018 ஜூலை 31 முதல் கணக்கு விதிகளில் 8ஏ என்ற விதி வந்தது. சிறு கம்பெனி என்றால் பிரைவேட் கம்பெனியாக இருக்க வேண்டும், இன்னொரு கம்பெனிக்குத் தாய்க் கம்பெனியாகவோ துணைக் கம்பெனியாகவோ இருக்கக் கூடாது, செலுத்திய மூலதனமும் முந்தைய ஆண்டு விற்றுமுதலும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்பு 2022 செப்டம்பர் முதல் 4 கோடி, 40 கோடியாக இருந்தது. 2025 டிசம்பரில் 10 கோடி, 100 கோடியாக உயர்ந்தது. கப்பலூர் ஷெட் ஒன்றில் நடக்கும் கம்பெனி பழைய வரம்பிலேயே சுலபமாக உள்ளே வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் மின்சாரச் சேமிப்பு, தொழில்நுட்ப உள்வாங்கல், தனி இயக்குநர்களின் உறுதிமொழி, இயக்குநர் குழுவின் செயல்பாட்டு மதிப்பீடு எல்லாம் தேவையில்லை. மூன்று பக்கத்தில் முடியும். அந்த மூன்று பக்கத்தில் நாலைந்து பத்திகளை ஆடிட்டர் ஆபீஸ் எழுத முடியாது, உங்களால்தான் முடியும். அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கம்பெனியின் நிலைமை. மாதிரியில் ‘உங்கள் கம்பெனி இவ்வாண்டு திருப்திகரமாகச் செயல்பட்டது, வரும் ஆண்டுகளில் மேலும் சிறந்த முடிவுகளை எதிர்பார்க்கிறோம்’ என்று இருக்கும். லாபம் பாதியாகக் குறைந்த வருஷத்திலும் இதே வாக்கியம் இருக்கும். உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கம்பெனிக்கு 2024-25 ஆண்டுக்கு எழுதியதை, எண்களை மட்டும் மாற்றிக் கீழே தருகிறேன்:

"கம்பெனியின் விற்றுமுதல் முந்தைய ஆண்டின் ரூ. 3.12 கோடியிலிருந்து ரூ. 2.74 கோடியாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய லாபம் ரூ. 11.4 லட்சத்திலிருந்து ரூ. 6.2 லட்சமாகக் குறைந்தது. பம்ப் தயாரிக்கும் முக்கிய வாடிக்கையாளர் ஒருவர் இரண்டாம் காலாண்டில் ஆர்டரைக் குறைத்ததும், ஆகஸ்ட் மாதத்தில் இயற்கை ரப்பர் விலை ஏறியபோது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விலையிலேயே சரக்கு அனுப்ப வேண்டியிருந்ததும் இதற்குக் காரணம். ஜனவரி முதல் புதிய ஆர்டர்களில் ரப்பர் விலைக்கேற்ப விலை மாறும் ஷரத்து சேர்க்கப்பட்டுள்ளது."

நாலே வாக்கியம்தான். 2024 ஆகஸ்டில் ஆர்.எஸ்.எஸ். 4 ரக ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தாண்டிப் போனது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ரிப்போர்ட்டைப் படித்த பிறகுதான், வருஷ லாபம் ஏன் குறைந்தது என்று பேங்க் மேனேஜர் கேட்பதை விட்டார் என்று அந்த முதலாளி சொன்னார். கடன் வரம்பைப் புதுப்பிக்கும்போது பேங்க் இந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது.

அதனால்தான் எதிர்காலம் பற்றிய பத்தியில் கவனம் வேண்டும். 8ஏ விதி எதிர்காலக் கணிப்பைக் கேட்கவே இல்லை, அது பழக்கத்தால் வந்தது. எழுதலாம், தப்பில்லை. ஆனால் கடன் கேட்கும்போது பேங்கில் கொடுத்த சி.எம்.ஏ. என்ற எதிர்பார்ப்புக் கணக்கில் அடுத்த ஆண்டு விற்பனை 3 கோடியே 60 லட்சம் என்று போட்டுவிட்டு, இங்கே சந்தை மந்தமாகவே இருக்கும் என்று எழுதினால், இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? கையில் இருக்கும் ஆர்டர், வாங்கப்போகிற அல்லது வாங்கிவிட்ட மெஷின், போகப்போகிற வாடிக்கையாளர் இந்த மூன்றையும் பற்றித் தெரிந்ததை எழுதினால் போதும். சதவீதக் கணிப்பு வேண்டாம். இன்னொன்று, மார்ச் 31-க்குப் பிறகு ரிப்போர்ட் கையெழுத்தாகும் நாள் வரை நடந்த பெரிய மாற்றம் கணிப்பில் சேராது, அது கட்டாயமாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஜூலையில் அந்தப் பெரிய வாடிக்கையாளர் ஒரேயடியாக நின்றுபோய், நீங்கள் சீல் தொழிலை விட்டு வேறு வேலைக்கு மாறியிருந்தால், ‘மாற்றம் ஏதும் இல்லை’ என்ற மாதிரி வரி பொய்யாகிவிடும்.

அப்புறம் போர்டு கூட்டங்களின் எண்ணிக்கை. மாதிரியில் நாலு என்று இருக்கும். உங்கள் மினிட் புத்தகத்தைத் திறந்து எண்ணுங்கள். சிறு கம்பெனிக்கு நாலு தேவையில்லை, காலண்டர் வருஷத்தின் ஒவ்வோர் அரையாண்டிலும் ஒன்று, இரண்டுக்கும் நடுவே 90 நாளுக்குக் குறையாத இடைவெளி இருந்தால் போதும். சறுக்குவது ‘காலண்டர் வருஷம்’ என்ற இடத்தில்தான். கணக்கு முடிக்கிற அவசரத்தில் ஆகஸ்ட் 20-ல் ஒன்று, செப்டம்பர் 2-ல் ஒன்று கூடிவிட்டு, நிதியாண்டுக்கு இரண்டு ஆகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள். ஜனவரியிலிருந்து ஜூன் வரை காலியாகக் கிடக்கும். அப்படி இருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பழைய தேதியில் மினிட்ஸ் எழுதிச் சேர்க்க யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தத் தேதியில் உங்கள் அப்பா ஊரில் இல்லை என்று ரயில் டிக்கெட்டே சாட்சி சொல்லும்.

ஆடிட்டர் குறிப்புக்குப் பதில் சொல்லும் பத்தியில் நானே அடிபட்டிருக்கிறேன். தொழில் தொடங்கிய மூன்றாவது வருஷம், ஒரு கம்பெனிக்குப் போர்டு ரிப்போர்ட்டைச் செப்டம்பர் 1 தேதியிட்டுத் தயாரித்தேன். ‘ஆடிட்டர் அறிக்கையில் பாதகமான குறிப்பு எதுவும் இல்லை’ என்று வழக்கமான வரி. ஆடிட்டர் தன் அறிக்கையில் கையெழுத்துப் போட்டது செப்டம்பர் 4. அதில் கிராஜுவிட்டிக்கு ஒதுக்கீடு செய்யவில்லை என்று ஒரு தகுதிக் குறிப்பு, அதாவது கணக்கில் ஆடிட்டர் காட்டும் குறை. எழுதப்படாத அறிக்கையில் குறிப்பு இல்லை என்று மூன்று நாள் முன்பே டைரக்டர்கள் சான்று சொல்லியிருக்கிறார்கள்! இரண்டையும் ஒன்றாக இணைத்துத் தாக்கல் செய்தும் ஆயிற்று. அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடிட்டர் கையெழுத்திட்ட பிரதி கையில் வரும்வரை அந்தப் பத்தியைக் காலியாக விடுவேன். போர்டு ரிப்போர்ட்டின் தேதி ஆடிட்டர் அறிக்கையின் தேதிக்கு முந்தியதாக இருக்கவே கூடாது. ஒரே நாளாக இருக்கலாம்.

உங்களுக்கும் கிராஜுவிட்டி குறிப்பு வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, சின்னக் கம்பெனிகளில் அடிக்கடி வருவது அது. ‘குறிப்பு தன்னளவில் தெளிவாக உள்ளது, விளக்கம் தேவையில்லை’ என்று எழுதித் தப்பிப்பது ஒரு பழைய வித்தை. சட்டம் ஒவ்வொரு தகுதிக் குறிப்புக்கும் விளக்கம் கேட்கிறது, விளக்கம் தேவையில்லை என்பது விளக்கம் ஆகாது. கொடுக்கும்போது செலவு எழுதும் முறையைக் கம்பெனி பின்பற்றி வந்தது, அடுத்த ஆண்டு முதல் ஒதுக்கீடு செய்யப்படும் என்று நேராகச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்யவும் வேண்டும். 50 பேருக்குக் குறைவான ஆட்கள் உள்ள சிறு கம்பெனி இதற்கு ஆக்சுவரி வைத்துக் கணக்கிடத் தேவையில்லை. ஆண்டு முடிவில் எல்லோரும் ஒரேயடியாக விலகினால் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்ற மாதிரி நியாயமான ஒரு கணக்கே போதும் என்று கணக்கியல் தரம் 15 விட்டுக்கொடுக்கிறது. பலருக்கு இது தெரியாததால் குறிப்பு வருஷா வருஷம் தொடர்கிறது.

இப்போது முக்கியமான இடம். இது 134-ஆம் பிரிவிலும் இல்லை, 8ஏ விதியிலும் இல்லை. அதனால்தான் மாதிரியில் விட்டுப்போகிறது. கம்பெனிக்கு அப்பா கைப்பணம் போட்டிருக்கிறாரா? எங்கள் பக்கத்துக் குடும்பக் கம்பெனிகளில் போடாதவரை நான் பார்த்ததில்லை. பேலன்ஸ் ஷீட்டில் ‘டைரக்டர்களிடம் பெற்ற பிணையற்ற கடன்’ என்று இருக்கும். பிரைவேட் கம்பெனி தன் டைரக்டரிடமோ டைரக்டரின் உறவினரிடமோ வாங்கும் பணத்தை டெபாசிட் என்று கருதாமல் விலக்கு கொடுப்பது 2014 டெபாசிட் விதிகள். அந்த விலக்குக்கு இரண்டு நிபந்தனை. கொடுப்பவர், இது நான் வேறு இடத்தில் கடன் வாங்கிக் கொடுத்த பணம் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். வாங்கிய பணத்தின் விவரத்தைக் கம்பெனி தன் போர்டு ரிப்போர்ட்டில் சொல்ல வேண்டும். எந்த வடிவில் என்று விதி சொல்லவில்லை. நான் இப்படி எழுதுவேன்: "ஆண்டின் தொடக்கத்தில் இயக்குநரிடம் பெற்ற கடன் ரூ. 18 லட்சம், ஆண்டில் பெற்றது ரூ. 5 லட்சம், திருப்பியது ரூ. 2 லட்சம், ஆண்டு முடிவில் நிலுவை ரூ. 21 லட்சம். கடன் வாங்கிய தொகையிலிருந்து தரப்பட்டதல்ல என்ற உறுதிமொழி பெறப்பட்டுள்ளது." ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி. இந்த நிலுவை பேலன்ஸ் ஷீட்டோடும், வாங்கிய டெபாசிட், கடன் விவரத்தை ஜூன் 30-க்குள் தாக்கல் செய்யும் டி.பி.டி. 3 படிவத்தோடும் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். மூன்றும் மூன்று மாதிரி இருக்கிற கம்பெனிகள் நிறைய.

உறவினர் என்ற சொல்லில்தான் சிக்கல். நம் ஊரில் உறவு என்றால் ஒரு மண்டபம் நிறையும். சட்டத்தின் பட்டியல் சின்னது: கூட்டுக் குடும்ப உறுப்பினர், கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தோர். மாற்றாந்தாய் உறவும் இதற்குள் வரும். பெரியப்பா, சித்தப்பா இல்லை. தாய்மாமன் இல்லை. மனைவியின் அண்ணனான மச்சினன் நிச்சயமாக இல்லை. ஆனால் உங்கள் மனைவியும் டைரக்டராக இருந்தால் கதை மாறும். அவருடைய அப்பாவும் அண்ணனும் ஒரு டைரக்டரின் அப்பா, டைரக்டரின் உடன்பிறந்தவர் ஆகிவிடுவார்கள், விலக்குக்குள் வந்துவிடுவார்கள். உங்கள் கம்பெனியில் அம்மா டைரக்டர். ஆகவே உங்கள் தாய்மாமன் பணம் தந்திருந்தால் உங்கள் வழியாக அல்ல, அம்மாவின் தம்பி என்ற வழியில் அது சரியாகும். எப்போது டைரக்டராக இருந்தார் என்பதும் கணக்கு: பணம் வாங்கிய நாளில் அம்மா டைரக்டராக இருந்திருக்க வேண்டும்.

மாமனார் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. மருமகன் பட்டியலில் இருக்கிறார், எனவே திருப்பிப் பார்த்தால் மாமனாரும் உறவினர்தான் என்று சிலர் வாதிடுவார்கள். பட்டியலில் பெயர் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. வாதம் இருக்கும் இடத்தில் வாடிக்கையாளரின் பணத்தை நான் நிறுத்த மாட்டேன். அந்தத் தொகையைத் திருப்பிவிட்டு, மகளுக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்து மகள் கம்பெனிக்குக் கொடுக்கட்டும் என்றுதான் சொல்வேன். வங்கி வழியாக, உண்மையான அன்பளிப்பாக. விலக்குக்குள் வராத பணம் டெபாசிட் ஆகிவிட்டால் கம்பெனிக்குக் குறைந்தபட்ச அபராதமே 1 கோடி அல்லது வாங்கிய தொகையின் இரு மடங்கு, எது குறைவோ அது. 10 லட்சம் மச்சினன் பணத்துக்கு 20 லட்சத்தில் ஆரம்பம்.

ஷெட் அப்பா பெயரில் இருந்து கம்பெனி வாடகை கொடுத்தால் அது தொடர்புடைய தரப்போடு செய்த ஒப்பந்தம். ஏ.ஓ.சி. 2 இணைப்பில் அதன் விவரம் வர வேண்டும். ‘அப்படி எதுவும் இல்லை’ என்று மாதிரியில் இருக்கும், கணக்கோடு வரும் நோட்ஸில் வாடகை 3.6 லட்சம் என்று இருக்கும். இந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்க யாரும் சென்னையில் கம்பெனிப் பதிவாளரான ஆர்.ஓ.சி. வரை போக வேண்டாம், பக்கத்தைப் புரட்டினால் போதும். பிசிர் வெட்டும் பகுதியில் பெண்கள் வேலை பார்ப்பார்கள், மொத்த ஆட்கள் 10 அல்லது அதற்கு மேல் என்றால், பாலியல் தொல்லைப் புகார்க் குழு அமைத்த விஷயத்தையும் புகார் எண்ணிக்கையையும் ஒரு வரி சேருங்கள். கணக்கு விதிகளில் இந்த வரி இருக்கும் 8-ஆம் விதி சிறு கம்பெனிக்குப் பொருந்தாது என்று விதியே சொல்கிறது. ஆனால் 2013-இன் அந்தத் தனிச் சட்டம் ஆண்டறிக்கையில் எண்ணிக்கையைக் கேட்கிறது. அதனால் எழுதுவதே என் பழக்கம். குழு அமைக்காமலே ‘குழு இருக்கிறது’ என்று எழுத வேண்டாம், முதலில் குழுவை அமையுங்கள்.

கையெழுத்து: போர்டு கூட்டத்தில் வைத்து ஏற்ற பிறகுதான், சுற்றுக்கு விட்டு ஏற்க முடியாது. போர்டு அதிகாரம் கொடுத்த சேர்மன் ஒருவர், அல்லது இரண்டு டைரக்டர்கள், மேனேஜிங் டைரக்டர் இருந்தால் அவர் அதில் ஒருவர். பெயருக்குக் கீழே டைரக்டர் அடையாள எண்ணான டின் கட்டாயம். 2025 ஜூலை 14-இலிருந்து, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏ.ஓ.சி. 4 படிவத்துடன் போர்டு ரிப்போர்ட்டின் சாரத்தைத் தனிப் படிவமாகக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டியிருக்கிறது. முன்பு பி.டி.எஃப். இணைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று இருந்தோம். இப்போது கூட்ட எண்ணிக்கை, ஆடிட்டர் குறிப்பு எல்லாம் தனிக் கட்டத்தில் நிற்கின்றன. 134-ஆம் பிரிவை மீறினால் கம்பெனிக்கு 3 லட்சம், பொறுப்பான ஒவ்வொருவருக்கும் 50,000 என்பது பொது அபராதம், சிறு கம்பெனிக்கு அதில் பாதி. பணத்தைவிட, அது உங்கள் அம்மா பேரிலும் வரும் என்பதை யோசியுங்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டமான ஏ.ஜி.எம். செப்டம்பர் 30-க்குள், அதற்கு 21 முழு நாள் முன்பே நோட்டீஸோடு இந்த ரிப்போர்ட் போக வேண்டும், ஏ.ஓ.சி. 4 ஏ.ஜி.எம்.-இலிருந்து 30 நாளுக்குள், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய். ஆகவே நாளைக் காலையே ஆடிட்டர் ஆபீஸுக்குப் போன் போட்டு, ரிப்போர்ட்டின் வேர்டு கோப்பு, ஆடிட்டர் அறிக்கையின் இறுதி வரைவு, இந்த வருஷம் தாக்கல் செய்த டி.பி.டி. 3 இந்த மூன்றையும் கேளுங்கள். மினிட் புத்தகம் உங்கள் பீரோவில்தான் இருக்கும்.